கிளச்சை மிதித்ததும் அடங்கும் சத்தம்



அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல பக்கமாக நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று வேனோ, டபுள் கெப்போ லீசிங்கில் எடுத்து ஓட்டுகிறார்கள். பாடசாலை ஹயர், ஆஸ்பத்திரி ஹயர், கொழும்புக்கு மரக்கறி என்று மாதத் தவணையைக் கட்ட ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி ஒரு வாரம் கராஜில் நின்றால் அந்த மாதத் தவணை ஆட்டம் காணும். அதனால் இம்முறை, டீசல் வண்டிகளில் வருகிற ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வண்டி நியூட்ரலில் நின்று இஞ்சின் மெதுவாக ஓடும்போது, கிளச் இருக்கும் இடத்தில் தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி "கடகட" என்று சத்தம் வரும். கிளச்சை மிதித்தால் அடங்கிவிடும் அல்லது நன்றாகக் குறைந்துவிடும். காலை எடுத்தால் திரும்ப வரும். இதைக் கேட்டதும் "கியர் பொக்ஸ் போயிருச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். சில வேளை அது சரி. பல வேளைகளில் கோளாறு கியர் பொக்ஸில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் பிளைவீலில் இருக்கிறது.

பழைய வண்டிகளில் பிளைவீல் என்பது ஒரே வார்ப்பு இரும்பு. இப்போதைய பல டீசல் வண்டிகளில் அது இரண்டு துண்டு. ஒரு துண்டு இஞ்சினின் கிராங் தண்டில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். மற்றத் துண்டின் மேல் கிளச் உட்காரும். இரண்டுக்கும் நடுவில், கிறீஸுக்குள் வளைந்த நீளமான ஸ்பிரிங்குகள் இருக்கும். இதற்கு டுவல் மாஸ் பிளைவீல் என்று பெயர். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985இல் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. நம் பாதைகளில் ஓடும் நிசான் நவாரா, போர்ட் ரேஞ்சர் போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். எல்லா வண்டியிலும் இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்பதை செசி நம்பரைக் கொடுத்து உதிரிப்பாகக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எதற்கு? நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், ஒரு செக்கனுக்கு 25 தடவை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங் தண்டு ஒரு தள்ளு வாங்கி, அடுத்த வெடிப்புக்குள் சற்றுத் தளர்கிறது. அந்த உலுக்கல் அப்படியே கியர் பொக்ஸுக்குப் போனால் பற்களுக்கு நடுவில் உள்ள சிறு இடைவெளியில் பல்லோடு பல் அடிபடும். தேயிலை பெக்டரியில் மோட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் பெல்ட் இருக்கிறதே, மோட்டரின் உதறலை பெல்ட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால், கிறீஸ் வெளியேறினால், நடுவில் உள்ள புஷ் தேய்ந்தால், இரண்டு துண்டும் ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கும்.

கிளச்சை மிதித்தால் ஏன் அடங்குகிறது? மிதித்ததும் கிளச் தட்டு விடுபட்டு, கியர் பொக்ஸின் உள் தண்டு நின்றுவிடுகிறது. அதோடு மிதியின் அழுத்தம் ஆடுகிற துண்டை இஞ்சின் பக்கம் தள்ளிப் பிடிக்கிறது. ஆனால் கவனியுங்கள், கியர் பொக்ஸின் உள் தண்டுப் பெயாரிங் தேய்ந்திருந்தாலும் தண்டு நிற்பதால் சத்தம் அடங்கும். ஆகவே மிதித்துப் பார்ப்பது மட்டும் போதாது.

இஞ்சினைச் சூடாக்கி, சமநிலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் விடுங்கள். ஒருவர் உள்ளே இருக்க, ஒருவர் வெளியே நின்று கேட்க வேண்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டாம். இப்போது எக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுத்து 1,200 சுற்று அளவுக்கு ஏற்றுங்கள். கடகட குறைந்தால் சந்தேகம் பிளைவீல் பக்கம். பெயாரிங் என்றால் சத்தம் கடகட என்று இருக்காது, "ர்ர்ர்" என்று அரைக்கும், சுற்று கூடக் கூட அதுவும் கூடும். பிறகு இஞ்சினை நிறுத்துங்கள். நிற்கிற நேரத்தில் "டக்" என்று ஒரு இடி விழுந்தால் பிளைவீல் மேல் சந்தேகம் இன்னும் கூடும். மிதிக்கும்போதுதான் சத்தம் புதிதாக வருகிறது என்றால் அது வேறு கதை, ரிலீஸ் பெயாரிங்கைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வேன்காரத் தம்பிக்கு இதுதான் நடந்தது. ஒரு கராஜில் "கியர் பொக்ஸைப் பிரிக்கணும்" என்றார்கள். அவர் வேறொரு பாஸிடம் காட்டினார். மிதித்தால் அடங்கியது, 1,200இல் ஓய்ந்தது, நிறுத்தும்போது இடித்தது. கியர் பொக்ஸைக் கழற்றித்தான் பிளைவீலைப் பார்க்க முடியும். கழற்றியதும் கியர் பொக்ஸைப் பிரிக்கவில்லை, உள் தண்டைக் கையால் சுற்றி ஆட்டிப் பார்த்தார், பெயாரிங் நன்றாக இருந்தது. பிளைவீலைச் சுற்றிக் கிறீஸ் வழிந்து கிடந்தது. கிளச் உட்காரும் முகத்தில் நீல நிறத் திட்டுகள். அது சூட்டின் அடையாளம், பெரகலை ஏற்றத்தில் அரைக் கிளச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

இங்கே ஒரு தவறு நடக்கும். பிளைவீலைக் கையால் திருப்பி, "ஆடுது பாருங்க, இது முடிஞ்சுது" என்பார்கள். நல்ல பிளைவீலும் திரும்பத்தான் செய்யும், அதற்காகத்தான் ஸ்பிரிங். எவ்வளவு தூரம் லேசாகத் திரும்புகிறது, எவ்வளவு சாய்ந்து ஆடுகிறது என்று அளந்து, அந்தப் பிளைவீல் நம்பருக்குக் கம்பெனி கொடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரு வண்டியின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இந்தத் தம்பியுடையது அளவைத் தாண்டியிருந்தது.

அந்த பாஸ் இன்னொன்றும் செய்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. கியர் பொக்ஸைக் கழற்றுவதற்கு முன்பே இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களை நான்கு சிறு போத்தல்களில் விட்டு இஞ்சினை ஓடவிட்டிருந்தார். ஒரு போத்தல் மட்டும் மற்றவற்றை விட வேகமாக நிறைந்தது. அந்த இன்ஜெக்டர் ஒழுகியதால் அந்த சிலிண்டர் சரியாக வெடிக்காமல் இஞ்சின் உதறிக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்யாமல் புதுப் பிளைவீல் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரம் போயிருக்கும். வலுவில்லாத பெட்டரியும் இப்படித்தான். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால், பிளைவீல் அதிகமாக உலுக்கப்படும் அந்தக் குறைந்த வேகத்திலேயே இஞ்சின் அதிக நேரம் நிற்கிறது.

மாற்றும்போது கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, கழற்றும் கூலி ஒன்றுதானே. பிளைவீல் போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். முகத்தை லேத்தில் கடைந்து திரும்பப் போடுவதைப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. பஞ்சிகாவத்தையில் மலிவாகப் பாவித்த பிளைவீல் கிடைக்கும், ஆனால் அளந்து பார்க்காமல் வாங்கினால் உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒற்றைத் துண்டுப் பிளைவீலுக்கு மாற்றுகிற செட்டும் சில வண்டிகளுக்கு உண்டு. விலை குறைவு, ஏற்றத்துச் சூட்டையும் தாங்கும். அதற்கென்று ஸ்பிரிங் உள்ள கிளச் தட்டும் சேர்ந்து வர வேண்டும். ஸ்பிரிங் இல்லாத தட்டைப் போட்டால் உதறல் முழுவதும் கியர் பொக்ஸுக்குத்தான். சரியான செட் போட்டாலும் நியூட்ரலில் கொஞ்சம் சத்தம் இருக்கும். எனக்குக் கேட்டால், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற வேனுக்குப் பழையபடி இரண்டு துண்டையே போடச் சொல்வேன். பாரம் மட்டும் ஏற்றும் வண்டி என்றால் யோசிக்கலாம்.

லேசான கடகடவோடு சில நாள் ஓட்டலாம். ஆனால் கியரில் போகும்போதும் இடி கேட்டால், வண்டி முழுவதும் நடுங்கினால், ஸ்டார்ட் செய்யும்போது இரும்பு உரசினால் ஹயரை நிறுத்துங்கள். உடைந்த ஸ்பிரிங் துண்டுகள் சுற்றிப் பறந்து கியர் பொக்ஸின் முன்கூட்டையே உடைத்தது உண்டு. அப்போது உண்மையாகவே கியர் பொக்ஸுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டி வரும்.