இலையை எந்தப் பக்கம் மடிப்பது?

கேள்வி: காஞ்சிபுரத்தில் கல்யாண விருந்து. இலையில் பரிமாறும் முறை என்ன? சாப்பிட்டபின் இலையை எப்படி மூட வேண்டும்?

பதில்: தலைவாழை இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அகன்ற வலப்பாதி சோற்றுக்கு. வலக்கைக்கு அதுவே வசதி. உட்கார்ந்ததும் நீர் தெளித்து இலையைத் துடைப்பார்கள். மேல்பாதியில் இடப்புறம் உப்பு, ஊறுகாய். அடுத்து பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல், அப்பளம். பல வீடுகளில் முதலில் வலக்கீழ் மூலையில் துளி பாயசம் விழும். சோறு, பருப்பு, நெய் வந்தபின் பிசையலாம். அதற்குமுன் கறியை மட்டும் எடுத்து மெல்வது அழகல்ல. பிறகு சாம்பார், ரசம், பாயசம், கடைசியாக மோர். ரசத்துக்குச் சோற்றில் குழி செய்துகொள்ளாவிட்டால் மடியிலுள்ள பட்டு நனையும். வேண்டாததை இலைக்கு மேல் கைகாட்டித் தடுத்தால் போதும். வாங்கிவிட்டு ஒதுக்குவதே தவறு.

முடித்ததும் மேல்பாதியைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். உறவு தொடரட்டும் என்பது அதன் பொருள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம். சில ஊர்களில் இது மாறும். சில வீடுகளில் விருந்தினர் இலையை மூடுவதே இல்லை. ஐயமிருந்தால் பந்தியில் பக்கத்திலுள்ள பெரியவரைப் பார்த்துச் செய்யுங்கள்.