நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதலாம் திகதியில் போட்ட காசு

நம்பிக்கை: மாதத் தொடக்கத்தில் காசு போடுகிறவருக்குக் கடைசியில் பெருந்தொகை கூடுதலாகக் கிடைக்கும்.

வங்கிக்காரர்களும் காப்புறுதி முகவர்களும் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது தவறாமல் சொல்லும் அறிவுரை இது: மாதம் பிறந்ததும் காசைப் போடுங்கள், மாதக் கடைசிவரை வைத்திருந்தால் நட்டம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மையின் அளவு எவ்வளவு என்பதை எவரும் சொல்வதில்லை. மாதம் 5,000 ரூபாய், ஆண்டு வட்டி 8 சதவீதம், வட்டி மாதந்தோறும் கணக்கில் சேர்கிறது, பத்து ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்வோம். சாதாரண சேமிப்புக் கணக்குகளில் வட்டி இதைவிடக் குறைவாகவே இருக்கும். கணக்கு இலகுவாக இருப்பதற்காகவே 8. மாதக் கடைசியில் போட்டு வருகிறவருக்குப் பத்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 9,14,730 ரூபாய் இருக்கும். மாதத் தொடக்கத்தில் போட்டவருக்கு 9,20,828 ரூபாய். இடையே உள்ளது 6,098 ரூபாய், அதாவது முழுத்தொகையில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் இல்லை.

இந்த 6,098 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விடயம் தெளியும். ஜனவரி 31ஆம் திகதி இரவும் பெப்ரவரி 1ஆம் திகதி காலையும் வட்டிக் கணக்கில் ஏறக்குறைய ஒரே பொழுதுதான். ஆகவே ஒருவர் ஜனவரி 31இலும் மற்றவர் பெப்ரவரி 1இலும் போட்ட காசு ஒன்றுபோலவே வளர்கிறது. இப்படி ஒவ்வொரு மாதத்தையும் பொருத்திக்கொண்டு போனால் 120 தவணைகளில் 119 தவணைகள் இருவருக்கும் ஒரே நாளில் விழுகின்றன. மிஞ்சுவது ஒரு தவணை மட்டும். முந்திப் போடுகிறவரின் மிஞ்சிய 5,000 ரூபாய் முதல் நாளே கணக்கில் ஏறி, பத்து ஆண்டும் வளர்ந்து 11,098 ரூபாய் ஆகிறது. பிந்திப் போடுகிறவரின் மிஞ்சிய 5,000 ரூபாயோ கடைசி நாளில் ஏறுகிறது. அதற்கு ஒரு சதமும் வட்டி இல்லை. 11,098இல் 5,000 போனால் 6,098. முழு வித்தியாசமும் அந்த ஒற்றைத் தவணையின் பத்தாண்டு வட்டிதான். மாதந்தோறும் கூடுதலாக ஏதோ சேர்கிறது என்று நினைப்பது தவறு. ஒரே ஒருமுறை, தொடங்கும்போது, ஒரு மாதம் முந்தியதன் பலன் அது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பல ஆண்டுகளாக மாதக் கடைசியில் போட்டு வரும் ஒருவர், இந்த அறிவுரையைக் கேட்டு இனிமேல் முதலாம் திகதியில் போடுகிறேன் என்று மாறினால் என்ன நடக்கும்? 31ஆம் திகதி போட வேண்டியதை அடுத்த நாள் போடுவார், அவ்வளவுதான். அவருக்கு எந்த இலாபமும் இல்லை. இலாபம் வேண்டுமென்றால் ஒரு தடவை 31ஆம் திகதியும் 1ஆம் திகதியுமாக இரண்டு தவணைகளை அடுத்தடுத்துப் போட வேண்டும். அதாவது ஒரு தவணை கூடுதலாகச் சேமிக்க வேண்டும். அந்தப் பலனைக் கொடுப்பது கூடுதலாகப் போட்ட 5,000 ரூபாய்; திகதி அல்ல.

நம்பிக்கை: காலம் நீளநீள இந்த வித்தியாசம் மலைபோல் பெருகும்.

இருபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் பயமுறுத்தும் எண் ஒன்று வரத்தான் செய்கிறது: அதே 5,000, அதே 8 சதவீதம், வித்தியாசம் 19,634 ரூபாய். 6,098 மூன்று மடங்காகிவிட்டதே என்று கேட்கலாம். ஆனால் அந்த இருபது ஆண்டில் முழுத்தொகையும் 29 இலட்சத்து 45 ஆயிரமாக வளர்ந்துவிட்டது. விகிதம் மாறவே இல்லை. பத்து ஆண்டுக்கும் இருபது ஆண்டுக்கும் நாற்பது ஆண்டுக்கும் அது மூன்றில் இரண்டு சதவீதம்தான். 8 சதவீத ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அதே எண். முந்திப் போட்டவரின் இறுதித்தொகை, பிந்திப் போட்டவருடையதைவிட எப்போதும் ஒரு மாத வட்டி அளவே கூடுதலாக இருக்கும். வட்டி 12 சதவீதமானால் ஒரு சதவீதம், 24 சதவீதமானால் இரண்டு சதவீதம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வைப்பு வட்டிகள் ஏறியபோது இந்த வித்தியாசமும் ஏறியது உண்மை. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த நாளில் திகதி பார்த்துப் போட்டவரும் பாராமல் போட்டவரும் ஒன்றாகவே இழந்தார்கள்.

நம்பிக்கை: எந்தக் கணக்காக இருந்தாலும் திகதி விதி ஒன்றுதான்.

இல்லை. கணக்கு எந்த முறையில் வட்டி பார்க்கிறது என்பதைப் பொறுத்தே திகதிக்கு மதிப்பு. தினசரி மீதிக்கு வட்டி கணிக்கும் கணக்கில் 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம் கிடைக்கும். 20ஆம் திகதி போட்டால் மிச்ச நாட்களுக்கான வட்டி உண்டு. மாதத்தின் மிகக் குறைந்த மீதிக்கு மட்டும் வட்டி கொடுக்கும் கணக்கிலோ, 10ஆம் திகதி போட்டதற்கும் 30ஆம் திகதி போட்டதற்கும் அந்த மாதம் ஒன்றுமே கிடையாது. இந்தியாவின் பொது வருங்கால வைப்பு நிதி இந்த இரண்டாவது வகை: 5ஆம் திகதி முடிவிலிருந்து மாத இறுதிவரை இருந்த மிகக் குறைந்த மீதிக்கே வட்டி. அங்கே 5ஆம் திகதிக்கும் 6ஆம் திகதிக்கும் இடையே ஒரு முழு மாத வட்டி போய்விடும். தமிழ்நாட்டில் உள்ள உறவினர் சொல்லும் ஐந்தாம் திகதி அறிவுரை அந்த விதியிலிருந்து பிறந்தது. அதை மன்னாரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு அப்படியே பொருத்த முடியாது. உங்கள் கணக்கு எந்த வகை என்பதைப் பாஸ் புத்தகத்திலேயே பார்க்கலாம். மாத நடுவில் ஒரு தொகையைப் போட்டு, அந்த மாத வட்டி வரவில் அதற்கான சில ரூபாய்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் தினசரி மீதி. ஏறாவிட்டால் குறைந்த மீதி. அப்படியானால் போடும் நாளைப்போல எடுக்கும் நாளும் முக்கியம். 28ஆம் திகதி எடுத்த காசுக்கு அந்த 28 நாள் வட்டியும் இல்லாமல் போகும்.

நம்பிக்கை: முதலாம் திகதி போட முடியாதவருக்குச் சேமிப்பு சரிவராது.

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் மாதச் சம்பளக்காரரைவிட, வருமானத்துக்குத் திகதியே இல்லாதவர்கள் ஏராளம். பேசாலையிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் காசு வருவது மீன், நண்டு, இறால் விலைப்பட்ட நாளில். சோழகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; வாடைக்காலத்தில் வடகடல். அப்போது கிழமைக்கணக்கில் வள்ளம் கரையில் கிடக்கும். இவர்களிடம் முதலாம் திகதி விதியைச் சொன்னால், அது தங்களுக்கானது அல்ல என்று சேமிப்பையே விட்டுவிட நேரும். விதி செய்யும் பெரிய கேடு இதுதான். மாதம் ஒரு தடவை 5,000 என்பதற்குப் பதிலாக மாதத்தில் நான்கு தடவை, கிழமைக் கடைசிகளில் 1,250 ரூபாயாகப் போடுகிறவர், பத்து ஆண்டில் மாதக் கடைசிக்காரரைவிட இரண்டாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டிய கூடுதல் பெறுவார். அதற்காக எவரும் தனியாக வங்கிக்குப் போக வேண்டியதில்லை. 5,000 ரூபாயை ஒரு முழு மாதம் முந்திப் போட்டால் கிடைப்பது 33 ரூபாய். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்துக்குப் பஸ்ஸில் போகவே அதைவிடக் கூடச் செலவாகும். வேறு வேலையாகப் போகும் நாளில் போட்டால் போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும், ஆகவே முதலில் போட்டுவிடுவதே நல்லது என்பார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது வட்டியைப் பற்றிய வாதமல்ல, மனத்தைப் பற்றியது. அதற்குரிய நாள் முதலாம் திகதியுமல்ல, காசு கைக்கு வந்த நாள். சம்பளம் 20ஆம் திகதிக்குப் பிறகு வரும் அரச ஊழியர் சம்பள நாளிலேயே சேமிப்புக்குக் காசு மாற ஸ்டாண்டிங் ஓர்டர் கொடுத்துவிடலாம். அந்த மறுப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் 5,000 போட்டுவிட்டு, பத்தாம் நாள் வீட்டுச் செலவுக்குக் காசில்லாமல் நகையை அடகு வைத்தால் கதை தலைகீழாகும். அடகு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 75 ரூபாய். 33 ரூபாய்க்காக 75 ரூபாயை இழப்பது சேமிப்பு ஆகாது.

திகதியில் செலுத்தும் கவனத்தை எங்கே செலுத்த வேண்டும் என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். முதலாவது, விடுபடும் தவணை. மாதக் கடைசியில் போடுகிறவர் ஆண்டுக்கு ஒரு தவணையை, கடைசி மாதத்துத் தவணையை, விட்டுவிடுகிறார் என்று கொண்டால் பத்தாம் ஆண்டில் அவருக்குக் குறைவது ஏறத்தாழ 73,500 ரூபாய். முந்திப் பிந்திப் போடுவதால் வரும் வித்தியாசத்தைப்போல் இது பன்னிரண்டு மடங்கு. கடலுக்குப் போக முடியாத மாதத்தை ஈடுசெய்ய, நல்ல பாடு கிடைத்த மாதத்தில் இரண்டு தவணைகளாகப் போட்டுவைப்பதே அதற்கு மருந்து. இரண்டாவது, வட்டியிலிருந்து பிடிக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடித்து வைக்கப்படுகிறது. 8 சதவீதம் 7.2 ஆகிவிட, மாதக் கடைசிக்காரரின் 9,14,730 ரூபாய் ஏறத்தாழ 8,75,000 ஆகக் குறைகிறது. இழப்பு 39,700 ரூபாய். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். கரையோரக் குடும்பங்களில் அந்த எல்லைக்குள் வராதவர்கள் சிலரே இருப்பார்கள். பத்து ஆண்டுகள் முதலாம் திகதி பார்த்துப் போட்டுக் கிடைப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் மேலான தொகையை அந்தப் படிவம் மிச்சப்படுத்துகிறது. ஆகவே அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: என் கணக்குக்கு வட்டி தினசரி மீதிக்கா, மாதத்தின் குறைந்த மீதிக்கா? பிரகடனப் படிவம் எங்கே கிடைக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர், காசு வந்த நாளில் போடட்டும்.