ஷிஃப்ட் மாற்றம்: ஆளை முதலில் பிடியுங்கள், அனுமதியை அப்புறம் கேளுங்கள்

மாசி மகத்துக்கு நாடு முழுக்கப் பொது விடுமுறை கிடையாது. பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து ரதம் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும் மாலையிலும் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ பாக்டரிகளில் லைன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே இரவுக்குப் பலர் மாற்றம் கேட்பார்கள். சூப்பர்வைசருக்கு வேலை வைக்காமல் கேட்பவருக்கே ஓகே கிடைக்கும்.

1. சரியான ஆளைத் தேடுங்கள். 2025-இல் மாசி மகம் மார்ச் 12, புதன். 11-ஆம் தேதி இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை உங்களுக்கு நைட் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஓஃபில் இருக்கும் அக்கா ஒருவர் சரி என்கிறார். அவர் உங்கள் மிஷினுக்கு செர்டிஃபிகேட் எடுத்தவரா? இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

2. அவருடைய அடுத்த ஷிஃப்டைப் பாருங்கள். பெரும்பாலான கோரிக்கைகள் விழுவது இங்கேதான். புதன் காலை 7 மணிக்கு அவருக்கு டே இருந்தால், நைட் முடிந்த கையோடு இன்னொரு 12 மணி நேரம் நிற்க வேண்டிவரும். 1955 வேலைவாய்ப்புச் சட்டம் பொதுவாக ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க விடாது. ஷிஃப்ட் ஊழியருக்கு வார ஓய்வு என்பது தொடர்ச்சியாக 30 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதனால் வியாழன் இரவுதான் அடுத்த வேலை என்கிற ஆளைப் பிடியுங்கள். பதிலுக்கு நீங்கள் எடுக்கும் ஷிஃப்டையும் இதே கணக்கில் பாருங்கள். வியாழன் காலை உங்கள் கடைசி நைட் முடிகிறது, சனி காலை அவருடைய டேயை எடுக்கிறீர்கள் என்றால் நடுவில் 48 மணி நேரம். இது நிற்கும்.

3. குரூப்பில் பொதுவாகக் கூவாதீர்கள். "யாராவது மாத்துறீங்களா?" என்றால் எல்லாரும் படிப்பார்கள், யாரும் பதில் போடமாட்டார்கள். தனியாகக் கேளுங்கள்: "அக்கா, 11 நைட் எனக்காக நிக்க முடியுமா? 15 சனி உங்க டேயை நான் எடுத்துக்கிறேன்." அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன சரி, ரோஸ்டர் வந்தபின் மாறிப்போகும்.

4. சூப்பர்வைசருக்கு ஒரே மெசேஜ் போதும்:

"சார், மார்ச் 11 நைட் எனக்குப் பதில் பி குரூப் (பெயர், ஊழியர் எண்) வருகிறார். மார்ச் 15 டே அவருக்குப் பதில் நான். காரணம்: மாசி மகம், வீட்டில் நேர்த்திக்கடன். அதே மிஷின் செர்டிஃபிகேட் அவருக்கு உண்டு. இருவருக்கும் ஓய்வு நேரம் சரியாக இருக்கிறது. அவர் சம்மதம் கீழே. வெள்ளிக்குள் சொல்லுங்கள்."

காரணம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுக் காவடியோடு படத்தில் மாட்டினால், அடுத்த வருடம் கேட்கவே முடியாது.

5. ஓகே வந்ததும் ரோஸ்டரில் பெயர் மாறியதா என்று பாருங்கள். மாறாவிட்டால் வராத கணக்கு உங்கள் தலையில் விழும், ஷிஃப்ட் அலவன்ஸும் தவறான ஆளுக்குப் போகும். பாக்டரி பஸ் லிஸ்டிலும் மாற்றச் சொல்லுங்கள். அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவருக்கு இரவில் வேறு வண்டி கிடைப்பது கஷ்டம்.