என்ன சொல்லித் தேற்றுவது?

பெங்களூரு, பீனியா. ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. இரண்டு மாத வாடகை பாக்கி. அழுதாள்.

"அழாதே! எல்லாம் நன்மைக்கே. மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். 'எனக்குத்தான் தைரியம் இல்லையோ' என்று தன்னையே நொந்தாள்.

2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. துயரப்பட்டவரைப் பேசவிட்டுக் கேட்பது அதில் முக்கியப் பாடம்.

மறுநாள் அக்காவும் அப்படியே செய்தார். "கஷ்டம்தான்மா. வாடகைக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டார். அவள் மனம்விட்டுப் பேசினாள். "வீட்டுக்காரரிடம் தவணை கேட்போம். நானும் வருகிறேன்" என்றார் அக்கா.

'சாகலாம் போலிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் இந்தப் பேச்சு மட்டும் போதாது. அவரைத் தனியே விடக்கூடாது. 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.