கை ஏன் தூக்க முடியவில்லை?
(தோள் மூட்டு – தேர்வுக் குறிப்புகள்)

தோள் மூட்டைப் பற்றிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அத்தனையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நோயாளி கையைப் பக்கவாட்டில் 60 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை என்கிறார். காரணம் என்ன, என்ன சிகிச்சை? பிராக்டிகலிலும் வைவாவிலும் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்பார்கள்.

1. அசைவுகளும் அளவுகளும்

எங்கள் வீட்டில் படிக்க வந்தது நான்தான் முதல். ப்ளெக்ஷன், அப்டக்ஷன் என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. அதனால் ஒவ்வொரு அசைவையும் அம்மா செய்யும் ஒரு வேலையோடு சேர்த்து எழுதி வைத்துப் படித்தேன். அப்படிப் படித்தால் மறக்காது. நோயாளியிடம் கேட்கவும் இதே கேள்விகள் உதவும்.

| அசைவு | எந்த வேலைக்கு வேண்டும் | இயல்பான அளவு |
|---|---|---|
| ப்ளெக்ஷன் (முன்னால் தூக்குதல்) | பரணில் டப்பா எடுக்க | 0–180° |
| எக்ஸ்டென்ஷன் (பின்னால் கொண்டுபோதல்) | நடக்கும்போது கை வீச | 0–60° |
| அப்டக்ஷன் (பக்கவாட்டில் தூக்குதல்) | சட்டைக் கையில் கை நுழைக்க | 0–180° |
| வெளிச்சுழற்சி | தலை பின்ன | 0–90° |
| உள்சுழற்சி | முதுகு தேய்க்க | 0–70° |

அப்டக்ஷன் 180 டிகிரி என்று எழுதினாலும் அது முழுக்கத் தோள் மூட்டில் நடப்பதில்லை. ஏறக்குறைய 120 டிகிரி மேற்கை எலும்பு அசைவதால் வருகிறது. மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு (ஸ்காபுலா) சுழல்வதால் வருகிறது. இந்த 2க்கு 1 என்ற கணக்கை ஸ்காபுலோ ஹியூமரல் ரிதம் என்கிறோம். மூட்டு இறுகிப்போனவர் தோளைக் காதுப் பக்கம் ஏற்றி, உடம்பை மறுபக்கம் சாய்த்து, கை உயர்ந்த மாதிரி காட்டிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, உடம்பு தானாகவே செய்கிறது.

ஆகவே அளக்கும்போது ஒரு கையால் ஸ்காபுலாவை அழுத்திப் பிடிக்க வேண்டும். கோனியோமீட்டரின் மையம் தோளின் முன்பக்கம், அக்ரோமியன் எலும்புக்குப் பக்கத்தில். நிலையான கரம் நெஞ்செலும்புக்கு இணையாக, அசையும் கரம் மேற்கை எலும்பின் நடுக்கோட்டில். நல்ல கையையும் இதே மாதிரி அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். அந்த நோயாளிக்கு இயல்பு எது என்று காட்டுவது அவருடைய மறு கைதான்.

2. ஆக்டிவ், பாஸிவ் – இரண்டையும் பார்

நோயாளி தானே தூக்குவது ஆக்டிவ். அவர் தளர்ந்திருக்க நாம் தூக்கிவிடுவது பாஸிவ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விடை கிடைக்கும்.

| ஆக்டிவ் | பாஸிவ் | எதை நினைக்க வேண்டும் |
|---|---|---|
| குறைவு | ஏறக்குறைய முழுமை | ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிவு, அல்லது நரம்புப் பலவீனம் |
| குறைவு | அதே அளவு குறைவு, வெளிச்சுழற்சி மிக மோசம் | உறைந்த தோள் (ஃப்ரோஸன் ஷோல்டர்) |
| 60–120° இடையில் மட்டும் வலி | முழுமை | அக்ரோமியனுக்கு அடியில் தசைநார் நசுங்குதல் |

உறைந்த தோளில் மூட்டைச் சுற்றியுள்ள உறையே (கேப்ஸ்யூல்) தடித்துச் சுருங்கிவிடுகிறது. உறை சுருங்கினால் வெளிச்சுழற்சி அதிகமாகவும், அப்டக்ஷன் அடுத்தும், உள்சுழற்சி அதற்கும் குறைவாகவும் கெடும். இந்த வரிசைக்குக் கேப்ஸ்யூலர் பேட்டர்ன் என்று பெயர்.

ஓர் எச்சரிக்கை. வலிப்பு வந்த பிறகோ, கரண்ட் ஷாக் அடித்த பிறகோ வெளிச்சுழற்சி பூட்டுப் போட்ட மாதிரி நின்றால் அது மூட்டு பின்பக்கம் விலகியதாக இருக்கலாம். தேய்மான மூட்டுவாதத்திலும் பாஸிவ் குறையும். ஆகவே எக்ஸ்ரே பார்க்காமல் மூட்டை அசைக்கத் தொடங்கக் கூடாது.

3. ஒரு மாதிரி கேஸ்

தேர்வில் வருவது போல ஒன்று வைத்துக்கொள்வோம். வயது 52, பூக்கட்டும் தொழில், சர்க்கரை நோய் உண்டு. வலது தோளில் 5 மாதமாகத் தொந்தரவு. முதலில் ராத்திரி தூங்க விடாத வலி, இப்போது வலி குறைந்து இறுக்கம் அதிகம். எக்ஸ்ரே இயல்பு.

முதலில் தூக்கச் சொன்னபோது 85° வந்தது. ஸ்காபுலாவைப் பிடித்து அளந்தால் 60° தான். சுழற்சியை வழக்கமாக 90° அப்டக்ஷனில் வைத்து அளப்போம். இவருக்குக் கை அவ்வளவு வராது, ஆகவே படுக்கவைத்து 45° நிலையில் இரண்டு கையையும் அளந்தோம். எந்த நிலையில் அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை ஒப்பிட முடியாது.

| பாஸிவ் அசைவு | வலது | இடது |
|---|---|---|
| வெளிச்சுழற்சி | 15° | 75° |
| அப்டக்ஷன் (ஸ்காபுலா பிடித்து) | 60° | 115° |
| உள்சுழற்சி | 40° | 60° |

வெளிச்சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அப்டக்ஷனில் பாதி, உள்சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கு. வரிசை சரியாக இருக்கிறது: உறைந்த தோள்.

4. சிகிச்சை

எவ்வளவு பலமாகச் செய்வது என்பதை வலியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாஸிவாக அசைக்கும்போது தடை வருமுன்பே வலி வந்தால் மென்மையாகச் செய். தடை வந்து அதற்குப் பிறகு வலி வந்தால் இழுத்துச் செய்யலாம்.

| நிலை | மொபிலைசேஷன் | பயிற்சி |
|---|---|---|
| வலி முந்துகிறது | கிரேடு 1, 2: தடையைத் தொடாத அசைவு | குனிந்து நின்று கையை ஊசல் போல ஆட்டுதல் |
| தடை முந்துகிறது | கிரேடு 3, 4: தடை வரை | கோல், கப்பி, சுவர் ஏணி, 30 விநாடி இழுத்து நிறுத்தல் |

நம் கேஸ் இரண்டாவது நிலை. முதலில் 15 நிமிடம் ஈரச் சூடு. சர்க்கரை நோயாளிக்குத் தோலில் உணர்வு குறைந்திருக்கலாம். ஆகவே சூடு வைக்குமுன் வெந்நீர், தண்ணீர் நிறைத்த இரண்டு டெஸ்ட் டியூபை வைத்து, எது சூடு என்று சொல்லச் சொல்லிச் சோதிக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சூடு கூடாது.

பிறகு மேற்கை எலும்பின் தலையைக் கால் பக்கமாகத் தள்ளும் இன்ஃபீரியர் கிளைடு. எலும்பின் தலை குவிந்தது. கை மேலே போக வேண்டுமானால் தலை கீழே வழுக்க வேண்டும், அதற்காகத்தான் இது. இதே விதிப்படி வெளிச்சுழற்சிக்குத் தலையை முன்பக்கம் தள்ள வேண்டும். ஆனால் உறைந்த தோள் நோயாளிகளிடம் செய்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில், பின்பக்கம் தள்ளியவர்களுக்கே வெளிச்சுழற்சி மிக அதிகமாகக் கூடியது. தேர்வில் விதியை எழுதி, இதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். நோயாளியிடம் எது பலன் தருகிறதோ அதைக் கோனியோமீட்டர் சொல்லிவிடும்.

அன்று ராத்திரி வலியால் தூக்கம் கெட்டது என்று மறுநாள் சொன்னால் நாம் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு கிரேடு குறைக்க வேண்டும்.

5. முன்னேற்றத்தை எழுதுவது

கோனியோமீட்டரில் 5 டிகிரி வரை கைப்பிழை வரும். வெளிச்சுழற்சி 15ல் இருந்து 18 ஆனால் முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். அதே நிலையில், முடிந்தால் அதே ஆள் அளந்து, 15 என்பது 30 ஆனால் எழுதுங்கள். உறைந்த தோள் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மெதுவாகும். அதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பத்து நாளில் "ஒண்ணும் ஆகலை"ன்னு நின்றுவிடுவார். பிறகு அவர் தலை பின்ன யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.