நேசமணி தலையும் உங்கள் ஹெல்மெட்டும்

ஒரகடம், வல்லம் பக்கம் சின்னதாக ஷெட் போட்டு, சொந்தப் பெயரில் சரக்கு விற்க ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. எதையாவது ஊரே செய்தால், "அண்ணே, நாமும் ஒரு ரீல் போட்டுடலாமா?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் தொழிற்சாலை ஹெல்மெட் செய்கிறவர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. அந்த ட்ரெண்டில் உங்கள் பொருளுக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். 2019 மே கடைசியில் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது நினைவிருக்கும். ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்று நம்மாள் ஒருவர் பதில் போட்டார். 2001-இல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு அப்படித்தான் #Pray_for_Nesamani ஆனார். அதில் இருந்தவை ஒரு சுத்தியல், ஒரு தலை, ஒரு காயம். ஹெல்மெட் செய்கிறவருக்கு அதில் இடம் தயாராக இருந்தது. முறுக்கு விற்கிறவருக்கு இல்லை. அவர் அன்றைக்குச் சும்மா இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

2. சிரிப்பு முடியும் இடத்தில் பொருள் நிற்க வேண்டும். "நேசமணி நலம் பெற வேண்டுகிறோம்" என்று எழுதி ஓரத்தில் லோகோ ஒட்டுவது எல்லோரும் செய்வது. உங்கள் லோகோவை எடுத்துவிட்டுப் போட்டிக்காரர் லோகோவை வைத்துப் பாருங்கள். பதிவு அப்படியே பொருந்தினால் அது உங்கள் விளம்பரம் இல்லை.

நானாக இருந்தால் மூன்றே ஷாட். ஏணி மேலிருந்து சுத்தியல் நழுவுகிறது. ஸ்டாண்டில் மாட்டிய ஹெல்மெட் மேல் விழுகிறது. ஆள் தலையில் மாட்டிவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. மூன்றாவது ஷாட்டில் அடிபடாத வேறொரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்பக்கம் காட்டுங்கள். ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் பட்டி வலைக்கும் நடுவே இடைவெளி தெரியும். அடி ஓட்டில் விழும். பட்டி இழுபட்டு அந்த வேகத்தை வாங்கித் தலை முழுக்கப் பரப்பிவிடும். அந்த இடைவெளியில் கைக்குட்டையையும் பீடிக்கட்டையும் செருகி வைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. செருகினால் அடி நேராகத் தலைக்கு இறங்கும். ஆகவே கடைசி வரி: "நேசமணிக்கு இல்லாமல் போன இடைவெளி. இதில் எதையும் வைக்காதீர்கள்." அதன் கீழே ஐ.எஸ். 2925 முத்திரை தெரியட்டும். ஷாப் ஃப்ளோரில் பலரும் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள் என்பதால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

3. ட்ரெண்ட் வடிவத்தின் உள்ளர்த்தம் உங்கள் சரக்குக்கு எதிராக இருந்தால் விலகுங்கள். அதே 2019 ஜூலையில் சொமேட்டோ, அவ்வப்போது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கள் என்று ட்வீட் போட்டது. உடனே யூடியூப் இந்தியா, ராத்திரி மூன்று மணிக்காவது போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றது. அமேசான் பிரைமும் வந்தது. கடைசியில் சொமேட்டோவே, சில சமயம் சொந்தமாகவும் யோசியுங்கள் என்று எல்லோரையும் வாரியது. தன் பொருளைத் தானே வேண்டாம் என்று சொல்வதுதான் அந்த வடிவத்தின் வேடிக்கை. சாப்பாட்டுக்கும் சினிமாவுக்கும் அது அழகு. "எப்போதாவது ஹெல்மெட் இல்லாமலும் இருங்கள்" என்று நீங்கள் போட்டால், மறுநாள் எந்த சேஃப்டி ஆபீசர் உங்கள் கொட்டேஷனைப் பிரிப்பார்?

4. வடிவேலு முகம் வேண்டாம், படத்துண்டும் வேண்டாம். ரசிகர் மீம் போடுவது வேறு, கம்பெனி சரக்கு விற்கப் போடுவது வேறு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், பிரபலத்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவது பற்றி 2015-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஏணியும் சுத்தியலும் போதும், தமிழனுக்குப் புரியும். பாட்டும் அப்படியே. இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்குக்கு சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. அதற்காகச் சொந்தக் கணக்கில் ஏற்றி விளம்பரம் ஓட்டும் குறுக்கு வழி வேண்டாம்.

5. வாடிக்கையாளர் ஆலைக்குள் போனை நீட்டாதீர்கள். பின்னணியில் ஒரு பாகம், ஒரு டிராயிங், ஒரு பெயர்ப்பலகை விழுந்தால் போதும், வெண்டார் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். சொந்த ஷெட்டிலேயே எடுங்கள். போடுவதற்கு முன் அன்றைய செய்தியையும் பாருங்கள். நம் பகுதியில் எங்கேயாவது விபத்து நடந்திருந்தால், எவ்வளவு நல்ல ரீலாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள்.

6. லைக்கை எண்ண வேண்டாம். "அளவு என்ன, நூறு பீஸ் என்ன விலை, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா" என்று கேட்டு வந்த ஆட்களை எண்ணுங்கள். சிரிப்பு முகம் மட்டும் வந்தால் ஷாட் மூன்று பலவீனம் என்று அர்த்தம். ட்ரெண்ட் நிலைக்காது. நேசமணி விஷயம் கிளம்பிய மறுநாளே மோடி பதவியேற்பும் உலகக் கோப்பையும் வந்துவிட்டன. ஆகவே மூன்றாவது ஷாட்டைத் தனியாக வெட்டினாலும் நிற்கும்படி எடுங்கள். சுத்தியல் ஷாட்டை அடுத்த வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். இடைவெளியைக் காட்டும் துண்டை மட்டும் பர்ச்சேஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் கொட்டேஷனோடு அனுப்பலாம், புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கும்போது அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.