அபிஷேகத்துக்கு எந்தக் கல்?

கேள்வி: தெருப் பிள்ளையாருக்குப் புதுச் சிலை செய்யப் போகிறோம். பளிங்கா, மாக்கல்லா, கருங்கல்லா?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: தினமும் அபிஷேகம் உண்டென்றால் கருங்கல்தான். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி உறைந்தபோது அதன் படிகங்கள் இறுகப் பின்னிக்கொண்டன; தயிரும் எலுமிச்சையும் அதை அரிப்பதில்லை.

பளிங்கு, சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதனால் புளிப்பு பட்டால் கரைந்து மெருகு போய்விடும். மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பளிங்கானால் சிறு குமிழ்கள் எழும்.

மாக்கல்லும் உருமாறிய பாறையே. ஆனால் அதிலுள்ள டால்க் நகக்கீறலுக்கே பொடியாகும். 12ஆம் நூற்றாண்டு பேலூர், ஹளேபீடு சிற்பங்களின் நுணுக்கத்துக்குக் காரணம் இவ்வகைக் கல்லின் மென்மை. மாக்கல் புளிப்பைத் தாங்கும்; ஆனால் தினமும் எண்ணெய் தேய்த்துக் கழுவினால் முகம் மழுங்கிவிடும்.